24 லட்சம் ரூபாயா, 65,000 யூரோவா? பிபிபி வச்சு சம்பளத்தை ஒப்பிடலாமா?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு சென்னைல ஐடி வேலை, வருஷத்துக்கு 24 லட்சம். இப்ப ம்யூனிக்ல ஒரு கம்பெனி 65,000 யூரோ தர்றேன்னு ஆஃபர் குடுத்திருக்காங்க. யூரோ நூறு ரூபாய்னு ரவுண்டா வச்சா 65 லட்சம், வீட்ல எல்லாரும் உடனே கிளம்புங்கறாங்க. ஆனா அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் பிபிபி வச்சுதான் பாக்கணும்னு சொல்லி ஒரு கணக்கு போட்டுக் காட்டிருக்கான். அமெரிக்கால ஒரு டாலருக்குக் கிடைக்கறதை அந்தந்த நாட்டுல வாங்க எவ்வளவு ஆகும்ங்கற எண்தான் பிபிபியாம், இந்தியாவுக்கு அது சுமார் 20.5 ரூபாய், ஜெர்மனிக்கு 0.73 யூரோவாம். 24 லட்சத்தை 20.5-ஆல வகுத்தா 1,17,000 டாலர் வருது, 65,000-ஐ 0.73-ஆல வகுத்தா 89,000 டாலர்தான் வருது. அப்ப சென்னை சம்பளம்தான் பெருசா? தம்பி குழம்பிப் போய் உக்காந்திருக்கான், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாயவரத்தான்

இதுல என்ன குழப்பம், விலைவாசி வருஷா வருஷம் ஏறுது, போன வருஷம் 24 லட்சத்துக்கு இருந்த மதிப்பு இந்த வருஷம் இல்ல. ஜெர்மனில பணவீக்கம் கம்மி. அதனால ம்யூனிக்.

வைகைக்கரை

அண்ணே நான் கேட்டது போன வருஷம் இந்த வருஷம் இல்ல, ஒரே நேரத்துல ரெண்டு ஊர் விலையை எப்படி ஒப்பிடறதுன்னு.

டாலர்சிட்டி

உங்க தம்பியோட ஃப்ரெண்டு போட்ட கணக்கு கரெக்ட். பிபிபிங்கறது பணத்தோட நிஜ மதிப்பு. ஒரு டாலருக்கு நிஜமா 20 ரூபாய்தான், மார்க்கெட்ல 85, 90-னு ஏத்தி வச்சிருக்காங்க, ரூபாய் நாலுல ஒரு பங்கு விலைக்கு விக்குது. நான் திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் பண்றவன், டாலர் ரேட்டைத்தான் தினமும் பாத்துட்டு இருக்கேன். நாடு வளர வளர ரேட் 20-ஐ நோக்கித்தான் போகும், ஜப்பான் காரன் அப்படித்தான் ஏறுனான், 1971 வரைக்கும் டாலருக்கு 360 யென், 1995-ல 80 யென் வரைக்கும் வந்துச்சு.

அபுதாபி_ஜமால்

எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இந்த பிபிபி எல்லாம் தேவையே இல்லீங்க. எனக்கு மாசம் 5,000 திர்ஹாம், பெட் ஸ்பேஸ் சாப்பாடு போக 3,000 ஊருக்கு அனுப்பிடுவேன். எக்ஸ்சேஞ்ச்ல 23 ரூபாய் கிடைச்சா 69,000 ரூபாய். அது கீழக்கரைல செலவாகுது. அங்க சம்பாதிச்சு இங்க செலவு பண்றவனுக்கு பேங்க் ரேட்தான் ரேட்.

ராஜி_புள்ளியியல்

நான் புள்ளியியல் துறைல இருந்தவ, கடை கடையா ஏறி விலை எடுக்கற வேலையும் பாத்திருக்கேன், விலை ஒப்பீட்டுக்கு வர்ற படிவங்களும் கையில வாங்கிப் பாத்திருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

டாலர்சிட்டி தம்பி, 20.5-ங்கறது மறைஞ்சிருக்கற நிஜ ரேட் இல்ல, அது ஒரு சராசரி. இந்தியால ஒரு வருஷத்துல வாங்குற விக்கிற எல்லாத்தோட விலையையும் அமெரிக்கா விலையோட வச்சுப் பாத்து எடுத்த சராசரி. அதுக்குள்ள 6 ரூபாயும் இருக்கும் 100 ரூபாயும் இருக்கும். ரெண்டே ரெண்டு பொருள் எடுத்துக்காட்டறேன், எண்ணெல்லாம் கணக்குக்காக நான் ரவுண்டா வச்சதுதான்.

முடி வெட்டறது அங்க 25 டாலர், இங்க 150 ரூபாய். அந்த ஒரு விஷயத்துல டாலருக்கு 6 ரூபாய். பெட்ரோல் அங்க லிட்டர் ஒரு டாலர், இங்க 100 ரூபாய். அதுல டாலருக்கு 100 ரூபாய், அதாவது மார்க்கெட் ரேட்டையே தாண்டிருச்சு. இப்ப ரெண்டையும் சேர்த்து ஒரே எண் வேணும்னா யார் வாங்குற அளவை வச்சு சேர்க்கறது?

அமெரிக்கக் குடும்பம் வருஷத்துக்கு 20 தடவை முடி வெட்டுது, 1500 லிட்டர் பெட்ரோல் போடுது. அங்க செலவு 500 + 1500 = 2000 டாலர். அதே அளவு இங்க வாங்கினா 3,000 + 1,50,000 = 1,53,000 ரூபாய். டாலருக்கு 76.5 ரூபாய் வருது. நம்ம ஊர்க் குடும்பம் 30 தடவை முடி வெட்டுது, ஒரு டிவிஎஸ் வண்டிக்கு 60 லிட்டர் போடுது. இங்க செலவு 4,500 + 6,000 = 10,500 ரூபாய். இதே அளவு அங்க வாங்கினா 750 + 60 = 810 டாலர். டாலருக்கு 13 ரூபாய் வருது.

அதே விலைகள்தான், அதே ரெண்டு பொருள்தான், ஆனா ஒருத்தர் கூடைல 76.5, இன்னொருத்தர் கூடைல 13. எந்த ஊர்லயும் ஜனங்க அங்க மலிவா கிடைக்கறதைத்தான் அதிகமா வாங்குவாங்க, அதனால அடுத்த ஊர்க்காரன் கூடையை நம்ம ஊர்ல வாங்கப் போனா எப்பவுமே விலை கூடத் தெரியும். ரெண்டுல எதையும் தப்புன்னு தள்ள முடியாது, அதனால ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கறாங்க.

```
sqrt(76.5 * 13) ≈ 31.5
```

உலக வங்கி ஒருங்கிணைக்கிற ஐசிபிங்கற சர்வதேச விலை ஒப்பீட்டுத் திட்டத்தோட கணக்குல அடியில இருக்கறது இந்த மாதிரி கணக்குதான். ரெண்டு பொருளுக்குப் பதிலா அரிசி, துணி, வாடகை, ஆஸ்பத்திரி, சிமெண்ட், கட்டட வேலைன்னு 150-க்கும் மேற்பட்ட தலைப்பு, ஒவ்வொரு தலைப்புக்குள்ளயும் பல பொருள். நாடும் 170-க்கு மேல, அதனால ரெண்டு ரெண்டு நாடா ஒப்பிட்ட எண்ணெல்லாம் ஒண்ணுக்கொண்ணு முரண்படாம சரிக்கட்டறதுக்குன்னு இன்னொரு கட்டம் இருக்கு.

டாலர்சிட்டி

மேடம் கணக்கு புரியுது. ஆனா சராசரியோ என்னவோ, எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா 20 தான வருது, மார்க்கெட் 85 தான காட்டுது. அந்த வித்தியாசம் ஏன் இருக்கணும்? நான் கேக்கறது அதுதான்.

ராஜி_புள்ளியியல்

நியாயமான கேள்வி. உங்க தொழிலையே எடுத்துக்கங்க. ஒரு டி-ஷர்ட் 4 டாலருக்கு அனுப்பறீங்கன்னு வைங்க. டாலர் 85-ல இருந்தா கைக்கு 340 ரூபாய். நாளைக்கே டாலர் 20 ஆயிருச்சுன்னா 80 ரூபாய். அந்த 80 ரூபாய்ல நூல் வாங்கி, சாயம் போட்டு, தையல் கூலி குடுத்து, பேக்கிங் பண்ணி தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் கொண்டு சேர்க்க முடியுமா?

டாலர்சிட்டி

நூலுக்கே பத்தாது மேடம். யூனிட்டை மூடிட்டுப் போக வேண்டியதுதான்.

ராஜி_புள்ளியியல்

ஏன்னா கடல் தாண்டிப் போற சரக்குக்கு விலை உலகம் பூரா ஏறக்குறைய ஒண்ணுதான், அதை வாங்க விக்கத்தான் டாலர் கை மாறுது, மார்க்கெட் ரேட் பெரும்பாலும் அங்கதான் நிர்ணயமாகுது (முதலீடு வர்றது போறதும் சேர்த்து). முடி வெட்டறவர், ஆட்டோ ஓட்டறவர், டியூஷன் சொல்லித்தர்றவர் இவங்க வேலையை கண்டெய்னர்ல ஏத்தி நியூயார்க்குக்கு அனுப்ப முடியாது. இங்க சலூன்காரர் கூலி, அவர் சலூனை விட்டுட்டு மில்லுக்குப் போனா என்ன கிடைக்குமோ அதை ஒட்டித்தான் இருக்கும். மில்லு கூலி கம்மியா இருக்கற வரைக்கும் கட்டிங்கும் 150 தான். அமெரிக்க சலூன்காரர் கத்திரி ஒண்ணும் வேகமா ஓடல, அவரைச் சுத்தி இருக்கற ஃபேக்டரிகள்ல ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல அதிகமா உற்பத்தி பண்றாரு, அதனால கூலி கூட, அதனால அவரும் 25 டாலர் கேக்க முடியுது. 1964-ல பலாசா, சாமுவேல்சன்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க தனித்தனியா எழுதுனது இதைத்தான்.

அதனால ஏழை நாட்டுல விலைமட்டம் தாழ்ந்து இருக்கறதை வச்சு ரூபாயை யாரோ அமுக்கி வச்சிருக்காங்கன்னு சொல்லிட முடியாது. கூலி தாழ்ந்து இருக்குங்கறதுதான் அப்படித் தெரியுது.

வைகைக்கரை

மேடம், டாலர்சிட்டி அண்ணன் சொன்ன மாதிரி போகப் போக 20-ஐ நோக்கி வருமா? தம்பி ரெண்டு மூணு வருஷத்துல திரும்பி வந்தா அதுவும் முக்கியம்ல.

ராஜி_புள்ளியியல்

ஐசிபி சில வருஷத்துக்கு ஒரு சுற்றுன்னு விலை எடுக்குது, அதுல மூணு சுற்று முடிவை வரிசையா வைக்கறேன். 2005-ல பிபிபி 14.67, மார்க்கெட் 44.1. 2011-ல 15.55, மார்க்கெட் 46.67 (முதல்ல வெளியிட்டப்ப 15.11, அப்புறம் திருத்துனாங்க). 2017-ல 20.65, மார்க்கெட் 65.12. வகுத்துப் பாருங்க, மூணுலயும் மூணுல ஒரு பங்கை ஒட்டித்தான் நிக்குது. அதாவது பிபிபி எண்ணே ஓடிட்டு இருக்கு, இங்க விலைவாசி அமெரிக்காவைவிட வேகமா ஏறுறதால அது 15-ல இருந்து 20-க்குப் போச்சு, மார்க்கெட் ரேட்டும் கூடவே ஓடுது. 20-ங்கறது ஒரே இடத்துல நின்னுட்டு ரூபாய் வந்து சேரட்டும்னு காத்திருக்கல.

டாலர்சிட்டி

அப்படின்னா உங்க பலாசா கணக்கே இடிக்குதே. 2005-ல இருந்து 2017 வரைக்கும் நாடு நல்லா வளந்துச்சு, கூலி ஏறுச்சு, கொத்தனார் கூலி எல்லாம் எவ்வளவு ஏறுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப அந்த மூணுல ஒரு பங்கு மேல ஏறிருக்கணும்ல? சைனால 2005-ல இருந்து 2011-க்குள்ள ஏறுச்சே.

ராஜி_புள்ளியியல்

ஆமா, சைனால 2005-ல 3.45 யுவான், மார்க்கெட் 8.19. 2011-ல 3.51, மார்க்கெட் 6.46. பிபிபியை மார்க்கெட் ரேட்டால வகுத்தா வர்ற விலைமட்டம் அங்க நல்லாவே ஏறிருக்கு, இந்தியால ஏறல. இந்தியால வளர்ச்சி ஏற்றுமதி ஃபேக்டரில இல்லாம சர்வீஸ் பக்கம் நடந்தது ஒரு காரணம்னு சொல்றவங்க இருக்காங்க, 2005 எண்ணே இயல்புக்கு மேல இருந்துச்சுங்கறது இன்னொரு பக்கம். நான் ரெண்டாவது பக்கம்தான் சாய்வேன், ஆனா முதல் பக்கத்துக்கும் பலம் இருக்கு.

கொடைக்கானல்_குளிர்

2005 எண் இயல்புக்கு மேலன்னா என்ன மேடம்? விலை எடுக்கறதுல தப்பு வருமா?

ராஜி_புள்ளியியல்

இது முக்கியமான இடம். 2005-க்கு முன்னாடி சைனா ஐசிபி சர்வேல சேரவே இல்ல, 1986 விலைகளை வச்சு அமெரிக்காவோட ஒப்பிட்ட ஒரு ஆய்வைத்தான் இழுத்துட்டு வந்தாங்க. இந்தியா கடைசியா 1985-ல சேர்ந்தது. 2005-க்குத்தான் ரெண்டும் புதுசா விலை எடுத்துக் குடுத்துச்சு, முடிவு 2007 டிசம்பர்ல வந்தப்ப ரெண்டு நாட்டோட பொருளாதார அளவும் பிபிபில சுமார் 40 சதவீதம் சுருங்கிருச்சு. ஒரே ராத்திரில. ஒரு ஃபேக்டரி மூடல, ஒரு வயல் காயல, விலைப் பட்டியல் மட்டும்தான் மாறுச்சு. அப்புறம் 2011 சுற்று முடிவு 2014-ல வந்தப்ப நிறைய ஏழை நாடுகளுக்கு மறுபடி மேல ஏறுச்சு.

ஏன்னு கேட்டா, விலை எடுக்கறப்ப என்ன நடக்குதுன்னு பாக்கணும். கையில ஒரு தாள் குடுப்பாங்க. ஆம்பளை சட்டை, முழுக்கை, நூறு சதவீதம் பருத்தி, இன்ன தரம், பிராண்ட் உண்டா இல்லையா, எந்த மாதிரி கடை, எல்லாம் எழுதியிருக்கும். அதே சட்டையை எல்லா நாட்டுலயும் தேடணும், இல்லன்னா ஒப்பிட முடியாது. ஆனா அந்தச் சட்டை வெளிநாட்டுல சாதாரணக் கடைல கிடைக்கும், இங்க மால்ல போய் ரெண்டு கடை தேடினாத்தான் கிடைக்கும். மால் விலையை எழுதினா நம்ம ஊர் சட்டை விலை கூடத் தெரியும். ஜனங்க நிஜத்துல போடறது ஈரோடு சந்தைல கிடைக்கற சட்டை, அதை எழுதினா அது வேற சட்டை, ஒப்பீடு கெட்டுப் போகும். ரெண்டையும் ஒரே நேரத்துல காப்பாத்த முடியாது. பின்னாடி வந்த சுற்றுகள்ல, அந்த ஊர்ல நிறைய விக்கற பொருளா இல்லையான்னு தனியா ஒரு குறி போடச் சொன்னாங்க, குறி இருக்கற பொருளுக்கு கணக்குல வெயிட் கூட.

2005-ல சைனா 11 நகரத்துலதான் விலை எடுத்துச்சு, கிராமத்து விலை அதுக்குள்ள சரியா வரலன்னு அப்பவே நிறைய பேர் கேட்டாங்க. அதோட, ஆசியாவை மத்த கண்டங்களோட இணைக்கறதுக்கு 18 நாடுகள்ல ஒரு பொதுப் பட்டியல் வச்சாங்க, அந்தப் பட்டியல்ல நம்ம பக்கத்து ஜனங்க அதிகம் வாங்காத பொருளுக்கும் அதே வெயிட். டீட்டன், ஏட்டன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க பின்னாடி ஆராஞ்சு, 2005-ல ஆசியா ஆப்பிரிக்கா விலைகள் கணிசமா கூடக் காட்டப்பட்டதுக்கு அந்த இணைப்பு முறைதான் பெரிய காரணம்னு சொன்னாங்க. அதனால யாராவது பிபிபி எண்ணைத் தூக்கி மேசைல போட்டா நான் முதல்ல கேக்கறது எந்தச் சுற்றுன்னுதான். ரெண்டு சுற்று எண்ணைக் கலந்து போட்டா வராத வளர்ச்சி வந்த மாதிரி தெரியும், வந்த வளர்ச்சி காணாமப் போகும்.

மாயவரத்தான்

அப்ப இந்தியா பிபிபில உலகத்துல மூணாவதுங்கறது பொய்யா?

ராஜி_புள்ளியியல்

பொய் இல்ல. 2017 சுற்றுல உலக மொத்தத்துல 6.7 சதவீதம், சைனா 16.4, அமெரிக்கா 16.3. நாட்டுக்குள்ள எவ்வளவு பொருளும் சேவையும் உண்டாகுதுங்கற கேள்விக்கு அது சரியான பதில். நாடு வெளிய போய் கச்சா எண்ணெய், விமானம் வாங்க எவ்வளவு வசதின்னு கேட்டா அதுக்கு மார்க்கெட் ரேட்தான், ஏன்னா விக்கறவன் பிபிபி டாலரை வாங்கிக்க மாட்டான்.

வைகைக்கரை

சரி மேடம், இப்ப என் தம்பி கதைக்கு வாங்க. 1,17,000 பெருசா 89,000 பெருசா?

ராஜி_புள்ளியியல்

ரெண்டையும் மறந்துடுங்க. அந்த 20.5 நாடு முழுசுக்கும் உள்ள எண், அதுல கிராமமும் இருக்கு, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பளமும் இருக்கு, பாலம் கட்டற செலவும் இருக்கு. உலக வங்கி தளத்துல `PA.NUS.PPP`-ன்னு இருக்கறது அதுதான். வீட்டுச் செலவுக்கு மட்டும்னு `PA.NUS.PRVT.PP` தனியா இருக்கு, இந்தியாவுக்கு அது இன்னும் கூட வரும். அதுவும் நாட்டுச் சராசரிதான், 24 லட்சம் வாங்குற ஐடி பையன் கூடை இல்ல. அவன் ஐஃபோன், கார், ஃப்ளைட் டிக்கெட் வாங்குவான், அதுல எல்லாம் மார்க்கெட் ரேட்டை ஒட்டியோ அதுக்கு மேலயோதான் இருக்கும். தம்பியோட மாசச் செலவை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் ம்யூனிக் விலை போடச் சொல்லுங்க. அவனுக்குன்னு ஒரு பிபிபி வரும்.

இசார்_நதி

நான் ம்யூனிக்ல இருக்கேன், குடும்பத்தோட. விலை சொல்றேன். ஓஎம்ஆர்ல 30,000-க்கு ரெண்டு பெட்ரூம் வீடுன்னா இங்க அந்த அளவுக்கு 1,700 யூரோ, அதுவும் சீக்கிரம் கிடைக்காது. யூரோவுக்கு 18 ரூபாய் கூட வரல, அதாவது வாடகைல ம்யூனிக் பயங்கர காஸ்ட்லி. மளிகை காய்கறி அங்க 15,000-ன்னா இங்க 450 யூரோ, 33 ரூபாய். லேப்டாப், ஃபோன் எல்லாம் நூறு ரூபாயை ஒட்டி, சில நேரம் இங்கதான் மலிவு. வீட்டு வேலைக்கு ஆள் வைக்கறதை மறந்துடுங்க, அது கூடைலயே இருக்காது, நீங்களே செய்வீங்க. சம்பளத்துல வரி, இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் பிடிச்சு 65,000-க்கு கைக்கு 40,000 சொச்சம் வரும், கல்யாணம் ஆகியிருந்தா இன்னும் கொஞ்சம். ஆனா இன்னொண்ணு, என் பொண்ணு அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போறா, ஃபீஸ் கிடையாது, டாக்டருக்கும் தனியா காசு எடுத்து நீட்டறது அபூர்வம். சென்னைல இதே தரத்துக்கு ஸ்கூலுக்கே லட்சக்கணக்குல கட்டுவோம்.

ராஜி_புள்ளியியல்

நீங்க சொன்ன கடைசி விஷயம் நாடுகளை ஒப்பிடறப்பவும் தலைவலி குடுக்கற விஷயம். ஸ்கூல் இலவசம்னா கடைல விலையே இல்லையே, என்னத்தை ஒப்பிடறது? அதனால டீச்சர் சம்பளம் மாதிரி உள்ள போற செலவை வச்சு ஒப்பிடுவாங்க. அப்ப சம்பளம் கம்மியான நாட்டுல கல்வி மலிவா தெரியும், தரமும் ஒண்ணுன்னு வச்ச மாதிரி ஆயிரும். அதைச் சரிக்கட்ட 2005-ல ஆசியாவுக்கு ஒரு திருத்தம் போட்டாங்க. தம்பி கணக்குல இந்தத் தொல்லை இல்ல, அவன் கைக்காசு எவ்வளவு மிச்சமாகுதுன்னு பாத்தாப் போதும்.

அபுதாபி_ஜமால்

நான் முதல்லயே சொன்னேனே, மிச்சம் பண்றதை பேங்க் ரேட்ல பாருங்கன்னு. இங்க எங்க ரூம்ல எல்லாரும் அப்படித்தான் பாக்கறோம்.

ராஜி_புள்ளியியல்

ஜமால் பாய் சொன்னது சேமிப்புக்கு ரொம்பச் சரி. செலவு எந்த ஊர்ல நடக்குதோ அந்த ஊர் விலை, சேமிப்பு எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊருக்கு பேங்க் ரேட். ம்யூனிக்ல வருஷம் 10,000 யூரோ மிச்சமானா ஊருக்கு வந்தா அது 10 லட்சம். சென்னைல வரி போக கைக்கு 21 லட்சம் வருதுன்னு வச்சு, 12 லட்சம் செலவுன்னா 9 லட்சம் மிச்சம். சேமிப்புல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அவன் அங்கயே தங்கி வீடு வாங்கப் போறான்னா அந்த 10,000 யூரோ ம்யூனிக் வீட்டு விலைல எத்தனை சதுர அடின்னு பாக்கணும், அப்ப கணக்கு தலைகீழா மாறும்.

வைகைக்கரை

தம்பிகிட்ட பேசினேன். திரும்பி வருவானா மாட்டானான்னு அவனுக்கே தெரியல. இசார்_நதி, வாடகை 1,700-ங்கறது நகரத்துக்குள்ளயா? ஆஃபீஸ் கார்ஷிங் பக்கம்ங்கறான், அங்க குறையுமா?

இசார்_நதி

கார்ஷிங்ல கொஞ்சம் குறையும், ஆனா அங்க டெக்னிகல் யுனிவர்சிட்டி இருக்கறதால ஸ்டூடெண்ட்ஸ் போட்டி ஜாஸ்தி. முதல்ல தனியா வந்து தற்காலிகமா ஒரு ரூம் எடுத்துட்டு நேர்ல தேடச் சொல்லுங்க. அந்த முதல் சில மாசச் செலவையும் கணக்குல சேர்த்துக்கச் சொல்லுங்க, டெபாசிட்டே மூணு மாச வாடகை வரைக்கும் கேப்பாங்க.

டாலர்சிட்டி

மேடம், சைனால ஏறி இந்தியால ஏறாததுக்கு 2005 எண் தப்புங்கறது மட்டும் எனக்குப் போதல. 2005 கூடக் காட்டுச்சுன்னா அது சைனாவுக்கும் சேர்த்துதான கூடக் காட்டிருக்கும், அப்படி இருந்தும் அங்க ஏறிருக்கே?

ராஜி_புள்ளியியல்

அது சரியான அடி. சைனால அந்த ஆறு வருஷத்துல யுவானே டாலருக்கு எதிரா 8.19-ல இருந்து 6.46-க்கு பலமாச்சு, ஏற்றம் பூரா அங்க இருந்துதான் வந்துச்சு, பிபிபி எண் அசையவே இல்ல. இந்தியால ரூபாய் அப்படி பலமாகல. ஏன் ஆகலங்கறதுக்கு ஐசிபி விலைப் பட்டியல்ல பதில் கிடையாது, நீங்க இருக்கற ஏற்றுமதிப் பக்கம்தான் தேடணும்.